ஆங்கிளின் எடை: சூத்திரமா, அட்டவணையா?

L வடிவ இரும்பான ஆங்கிளில் 50×50×6 மி.மீ. அளவை எடுத்துக்கொள்வோம். இரண்டு கால்களின் அகலத்தையும் கூட்டி, மூலையில் இருமுறை எண்ணப்படும் தடிமனை ஒருமுறை கழித்து, தடிமனால் பெருக்க வேண்டும்: (50+50−6)×6 = 564 சதுர மி.மீ. இதை இரும்பின் அடர்த்திக்குரிய 0.00785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 4.43 கிலோ. இந்தியத் தர அட்டவணையோ 4.5 என்கிறது. உள்மூலையில் வளைவாக நிரம்பியிருக்கும் இரும்பைச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. இந்தச் சிறு வித்தியாசம் ஆங்கிளில் பொருட்டே அல்ல.

C வடிவச் சானலில்தான் சூத்திரம் சறுக்குகிறது. இந்தியத் தரச் சானலான ஐ.எஸ்.எம்.சி. 100-இல் நடுத்தகடு 5 மி.மீ., பக்கத்தகடுகள் சராசரியாக 7.7 மி.மீ. நடுவில் மட்டும் அளந்து, எங்கும் 5 என்று போட்டால் 7.5 கிலோகூட வராது, அட்டவணைப்படி 9.56. இரண்டு தடிமனையும் தனித்தனியே போட்டால் 9.37 வரும். பக்கத்தகடு நுனியை நோக்கி மெலிவதால், நுனியில் அளந்தாலும் கணக்கு குறையும். பாதி வழியில் அளக்க வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கு, சானலுக்கு அட்டவணையே மேல்.

ஆனால் அட்டவணை பெயரளவை நம்புகிறது. 6 என்று விற்கப்படும் ஆங்கிள் வெர்னியரில் 5.3 காட்டினால், சூத்திரம் தரும் எடை 3.94 கிலோதான். 6 மீட்டர் நீளத்துக்கு அட்டவணை 27 கிலோ என்னும். கையில் இருப்பது ஏறக்குறைய 23.6. எடைமேடையில் நிறுத்து வாங்கினால் பணம் போகாது, பலம் குறையும். நீளக்கணக்கில் வாங்கினால் இரண்டும் போகும்.