இலங்கையில் பிறந்தவருக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1996 மே மாதக் கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கையில் பிறந்த யாருக்காவது ஜாதகம் கணித்து வாங்கப் போகிறீர்கள் என்றால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். எங்களுக்கு 15,000 ரூபாய் போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இந்த வீட்டில் கேட்க வேண்டி வந்த பேச்சுக்கு யார் பொறுப்பு?

நான் திருச்சிக்காரன். மனைவி பிறந்தது வவுனியா அரசு ஆஸ்பத்திரியில், 1998 மார்ச் 17 காலை 8.10க்கு. பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் குறிப்பு இரண்டிலும் அதே நேரம்தான். அவர்கள் ஊரிலேயே ஒரு பெரியவர் கையால் எழுதிய ஜாதகம் இருந்தது: மீன லக்னம், சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி. அதை வைத்துத்தான் பொருத்தம் பார்த்தோம், கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

தாள் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்ததால், இருவர் ஜாதகத்தையும் புதிதாகப் புத்தகமாகப் போட்டு வைக்கலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். நகரத்தில் பெயர் போன ஒரு ஜோதிட நிலையத்துக்குப் போனோம். பெயரை இங்கே எழுதவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பில் ஒரு பெண், உள்ளே பெரிய திரையோடு ஜோதிடர். விவரங்களைத் தட்டிவிட்டு, அச்செடுத்த பக்கத்தைப் பார்த்தவர் உடனே எதுவும் பேசவில்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "பொண்ணு வீட்டில் சரியான ஜாதகத்தைத்தான் கொடுத்தார்களா அம்மா?" என்று கேட்டார்.

அவர் திரையில் லக்னம் மேஷம். ஏறக்குறைய 5 பாகை. செவ்வாய் மீனத்தில். மேஷத்துக்கு மீனம் பன்னிரண்டாம் இடம். "12இல் செவ்வாய், கூடவே சனி. பையன் ஜாதகத்தில் தோஷம் இல்லை. இதை மறைக்கத்தான் மீன லக்னம் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்" என்றார். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்ற கணக்கு அவர் கொடுத்த புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பரிகாரம் மொத்தம் 38,000 ரூபாய் என்றார். செவ்வாய் சாந்தி ஹோமம், வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனை, நல்ல நாள் பார்த்து மறு மாங்கல்யம். அம்மா பயந்துவிட்டார். முன்பணமாக 15,000 கட்டினோம். ரசீதில் 'பூஜைப் பொருட்கள் வகைக்கு' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் மாமியாருக்குப் போன் செய்து, "எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பேசியில் இருந்த ஜாதகச் செயலியில் அதே தேதி, நேரம், ஊரைப் போட்டு என்னிடம் நீட்டினாள். மீனம், 26 பாகை 24 கலை. ஒரே பிறப்பு, இரண்டு மென்பொருள், இரண்டு லக்னம்.

ஜோதிடருக்குப் போன் போட்டால், "அது அயனாம்ச வித்தியாசம் தம்பி. இலவசச் செயலியை எல்லாம் நம்பாதீர்கள்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும் பதில்தான், ஆனால் இங்கே பொருந்தாது. அயனாம்சம் என்பது மேஷத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்ற கணக்கு. அது மாறினால் லக்னம் மட்டும் தனியாக நகராது, எல்லாக் கிரகங்களும் அதே அளவு சேர்ந்து நகரும். லாகிரி, ராமன் என்ற இரண்டு அயனாம்சங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசமே ஒன்றரை பாகைக்குள்தான். இங்கே லக்னம் எட்டரை பாகை தள்ளி நிற்கிறது. இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சூரியனில் ஒரு கலைதான் வித்தியாசம். சந்திரனில் 15 கலை, அதாவது கால் பாகை. சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரைப் பாகை போலத்தான் நகரும். அப்படியானால் இரண்டு கணக்குக்கும் நடுவே அரை மணி நேரம் இடிக்கிறது. உங்கள் கையிலும் இரண்டு ஜாதகம் இப்படி மோதினால் முதலில் சந்திரனைப் பாருங்கள். அயனாம்சக் கோளாறா நேரக் கோளாறா என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று மாமனார்தான் சொன்னார். "அப்ப மணிக்கூட்டை மாத்தி வச்சிருந்தவங்கள் தம்பி. புது நேரம், பழைய நேரம் எண்டு சனம் கதைக்கும்." தேடிப் பார்த்தால் உண்மைதான். மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக 1996 மே 25இல் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன் என்று வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி குறைத்து ஆறு மணி ஆக்கினார்கள். அதை மறுபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தது 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. ஆக 1998 மார்ச்சில் வவுனியா ஆஸ்பத்திரிக் கடிகாரம் 8.10 காட்டியபோது திருச்சியில் மணி 7.40தான்.

இப்போது ஜாதகப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினால், கீழே பொடி எழுத்தில் `Time Zone 5.30 E` என்று இருக்கிறது. இலங்கைக்கு இன்று உள்ள நேரத்தையே அவர் மென்பொருள் அன்றைக்கும் போட்டுவிட்டது. மனைவியின் செயலி பழைய நேர மாற்றங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அங்கே `6.00` என்று இருந்தது. அதில் கையால் 5.30 என்று மாற்றிப் போட்டோம். அதே செயலி, அதே ஊர், மேஷ லக்னம் வந்துவிட்டது.

மென்பொருளை நம்ப வேண்டாம், கையாலேயே சரிபார்க்கலாம் என்பதற்குத்தான் அந்தப் பழுப்புத் தாளைக் குறிப்பிட்டேன். அதில் உதயாதி, அதாவது சூரிய உதயத்திலிருந்து, மூன்றரை நாழிகைச் சொச்சம் என்று எழுதியிருந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம். அன்று வவுனியாவில் சூரிய உதயம், அப்போதைய கடிகாரப்படி, ஏறத்தாழ 6.44. அதிலிருந்து 8.10க்கு 86 நிமிடம். மூன்றரை நாழிகைக்குச் சற்று மேல், தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. உதயத்தின்போது சூரியன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் லக்னமும் இருக்கும். அன்று சூரியன் மீனத்தில் இரண்டரைப் பாகையில். மீதி மீனம் முழுவதும் உதயமாகி முடிய அந்த ஊரில் ஒரு மணி 40 நிமிடம் போல ஆகும். 86 நிமிடத்தில் மீனம் முடிந்திருக்காது. ஐந்தரை மணிக் கணக்கை வைத்தால் உதயம் 6.14 ஆகி, பிறந்தது 116 நிமிடம் கழித்து என்று வரும். அப்போது மேஷம் தொடங்கியிருக்கும். அந்தப் பெரியவர் மின்விசிறிகூட இல்லாத திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கு சரி, ஏசி அறையில் வந்தது தப்பு.

இதை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். ஜோதிடரிடம் 6.00 என்று மாற்றிப் போடச் சொன்னேன். போட்டார். அவர் திரையிலேயே மீனம் வந்தது. செவ்வாய் லக்னத்திலேயே. தன்னிடம் தப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர், "அப்படியானால் 1இல் செவ்வாய். அதுவும் தோஷம்தான்" என்றார்.

1ஆம் இடத்தையும் சேர்த்து எண்ணும் வழக்கம் பல ஊர்களில் உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அச்சடித்துக் கொடுத்த பக்கத்தில் 2, 4, 7, 8, 12 என்றுதான் இருந்தது. பக்கத்தைக் காட்டினேன். "அது பொது விதி" என்றார். சந்திரனிலிருந்து எண்ணினால் செவ்வாய் 6இல், மகரத்தில் இருந்த சுக்கிரனிலிருந்து எண்ணினால் 3இல். அங்கிருந்தும் தோஷம் இல்லையே என்று மனைவி கேட்டாள். "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா." லக்னம் எதுவாக இருந்தாலும் பரிகாரம் மட்டும் மாறாத ஜோதிடம் இது.

பொருத்தமாவது மாறியதா என்றால் அதுவும் இல்லை. சந்திரன் இரண்டு கணக்கிலும் சுவாதி மூன்றாம் பாதத்தில்தான் இருக்கிறது. நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட அசையவில்லை. பிறக்கும்போது இருந்த ராகு தசையின் இருப்பு மட்டும் நாலு மாதம் போல மாறும். அவ்வளவுதான். இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

முன்பணம் திரும்பவில்லை. ஹோமத்துக்குச் சாமான் வாங்கியாகிவிட்டது என்கிறார்கள். வேண்டுமானால் திருத்திய ஜாதகப் புத்தகத்தை இலவசமாகத் தருகிறார்களாம். எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை என்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவதாக இருக்கிறேன். அம்மா, சம்பந்தி வீட்டுக்கு மறுபடி போன் செய்து பேசிவிட்டார். அந்தப் பேச்சு என்ன என்று இரண்டு வீட்டிலும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு ஜாதகம் போடக் கொடுக்கும்போது, லக்னத்தைப் பார்க்கும் முன் நேர மண்டல எண்ணையும் சூரிய உதய நேரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் பிறந்தவர்களுக்கும் இது உண்டு. அங்கே 1982 தொடக்கம் வரை ஏழரை மணி, அதற்குப் பிறகுதான் எட்டு. அப்பா அம்மா ஜாதகம் போடும்போது இது இடிக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் வன்னியில் பிறந்தவர்களுக்கு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த நேர மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே பழைய ஐந்தரை மணிதான் ஓடியது. அதனால் 1998இல் மல்லாவியில் பிறந்த ஒருவருக்குச் செயலி தானாகப் போடும் 6.00தான் தப்பாக இருக்கக்கூடும். இலங்கை என்று தேர்ந்தெடுத்தால் எந்த மென்பொருளும் இதைப் பிரித்துக் காட்டாது. எழுதிய கடிகாரம் புது நேரமா பழைய நேரமா என்று, அப்போது கூட இருந்த பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். என் மனைவிக்கு வவுனியா நகரம் அரசின் கையில் இருந்ததால் அந்தக் குழப்பம் வரவில்லை. அதே சமயம் மீனம் முடிய பன்னிரண்டு நிமிடம்தான் மீதி இருந்தது. நர்ஸ் எழுதிய 8.10 கால் மணி நேரம் தவறியிருந்தால் மேஷம் சரியாகவே இருக்கும். அப்படி ஒரு சந்தேகத்தை அந்த ஜோதிடர் எழுப்பியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.