மஸ்காராவும் இரண்டு பாட்டில்களும்

"வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை எதை வச்சுடி எடுக்குற? எனக்குக் கண்ணு எரியுது" என்று போன வாரம் தோழி கேட்டாள். மைசெல்லார் தண்ணீர், எண்ணெய் கிளென்சர் இரண்டையும் இரண்டு வருடமாக மாறி மாறிப் பயன்படுத்துகிறேன். வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தீராததால் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது மைசெல்லார். ஃபவுண்டேஷனுக்கும் சாதாரண மைக்கும் அருமை. வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா மட்டும் அசையாது. அதில் இருப்பது மெழுகும், இமைமுடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும் பாலிமரும். தண்ணீரில் மென்மையான சோப்புப் பொருள் கொஞ்சம் கலந்த திரவத்துக்கு அவை லேசில் மசியாது. மசியவில்லை என்றால் நாம் தேய்ப்போம். நாலாவது பஞ்சில் இரண்டு இமைமுடியும் சேர்ந்தே வந்தன.

அதைக்கூட மன்னித்துவிடலாம். "கழுவத் தேவையில்லை" என்று பாட்டிலில் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நம்பிப் படுத்தேன். அந்தச் சோப்புப் பொருள் இமை ஓரத்திலேயே தங்கிவிட்டது போல; காலையில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். துடைத்த பிறகு தண்ணீரால் கழுவ ஆரம்பித்ததும் ஒரு வாரத்தில் உறுத்தல் நின்றது. இப்போது பஞ்சை நனைத்து, மூடிய கண் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பு. தேய்ப்பதே இல்லை. ஆனாலும் முடியின் வேரில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சத்தான் செய்கிறது.

எண்ணெய் கிளென்சரில் அந்தச் சண்டையே இல்லை, மெழுகு எண்ணெயில் கரைந்துவிடும். லென்ஸைக் கழற்றிவிட வேண்டும், கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். கண்ணை மூடி, விரல் நுனியால் இமைமுடியை வேரிலிருந்து நுனிவரை மெதுவாக நீவினால் மஸ்காரா குழைந்து வரும். அப்புறம் விரலை நனைத்துத் தடவினால் பால் போல வெளுக்கும், அப்போது கழுவலாம். முகம் முன்பே ஈரமாக இருந்தால் மெழுகைக் கரைப்பதற்குள் எண்ணெய் பாலாகிவிடும், பாதி மஸ்காரா அப்படியே நிற்கும். அம்மா சொன்ன தேங்காய் எண்ணெயும் கரைக்கும்தான். தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் அதில் இல்லாததால் கழுவினாலும் போகாது.

குறை ஒன்றுதான், அதுவும் என் பொறுமையைச் சோதிப்பது. துளி எண்ணெய் கண்ணுக்குள் போனாலும் பார்வை பத்து நிமிடம் பனிமூட்டம். எரியாது, ஆனால் போனில் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் இமையின் உள்விளிம்பில் போடும் காஜலுக்கு எண்ணெயைக் கொண்டுபோவதில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் மைசெல்லாரைத் தொட்டு எடுத்துவிட்டுக் கழுவுவேன்.

தோழிக்கு எண்ணெயைத்தான் வாங்கச் சொன்னேன். என்னுடையது தீர்ந்து இருபது நாளாகிறது, இன்னும் வாங்கவில்லை. நேற்று இரவு பதினோரு மணிக்கு அந்த மைசெல்லார் பாட்டிலைத் திட்டிக்கொண்டேதான் திறந்தேன்.