டிகிரியா, பிட்வீன்னெஸா: ஒன்பது பேர் நட்பு வலையில் நான் எதை நம்பினேன்

ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஒரு செய்தியை எல்லோரிடமும் சேர்க்க, முதலில் யாரிடம் சொல்வது? இதற்காக ஒவ்வொருவரிடமும் மூன்று நெருங்கிய நண்பர்களை எழுதித் தரச் சொன்னேன். இருவரில் ஒருவர் மற்றவர் பெயரை எழுதியிருந்தாலே ஓர் இணைப்பு.

கிடைத்த படம் எளிமையானது. 1, 2, 3, 4 என்ற நால்வரும் தங்களுக்குள் நண்பர்கள். 6, 7, 8, 9 நால்வரும் அப்படியே. நடுவில் 5; அவருக்கு 4, 6 இருவர் மட்டுமே நண்பர்கள்.

யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுக்க இரண்டு அளவுகளைப் பார்த்தேன். டிகிரி என்பது நண்பர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். 4, 6 இருவருக்கும் நான்கு, 5-க்கு இரண்டு, மற்றவர்களுக்கு மூன்று. பிட்வீன்னெஸ், மற்ற ஜோடிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய பாதைகளில் ஒருவர் எத்தனை முறை வருகிறார் என்று பார்க்கிறது. இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் நால்வர். 16 ஜோடிகளும் 5 வழியாகத்தான் போயாக வேண்டும். அவருக்கு 16, அடுத்து 4, 6 இருவருக்கும் 15. டிகிரியில் கடைசியில் நிற்பவர் இங்கே முதலிடம். இந்தப் பாலத்தை டிகிரி காட்டவே காட்டாது, உண்மைதான். நானும் முதலில் 5-ஐத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அப்புறம்தான் 3-உம் 7-உம் பழைய நண்பர்கள் என்று தெரிந்தது. மூன்று பெயருக்குத்தான் இடம் என்பதால் இருவரும் தங்கள் பக்கத்து நண்பர்களை எழுதி நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரே ஓர் இணைப்பைச் சேர்த்ததும் 5-இன் மதிப்பு 16-இலிருந்து 3-க்குச் சரிந்தது. 3, 7 தலா 9 பெற்று முன்னே வந்தார்கள். 4, 6 தலா 4. டிகிரியிலோ 3, 7 இருவருக்கும் ஒன்று கூடியது, வேறு மாற்றமில்லை. 4, 6 முதலிடத்திலேயே இருந்தார்கள்.

டிகிரியையே நம்புவது என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது இதுதான். சிறிய வலையில் எல்லாப் பாதைகளும் ஓரிரண்டு இணைப்புகளைத்தான் நம்பியிருக்கின்றன. கேட்டு வாங்கிய தரவில் ஓர் இணைப்பு விடுபடுவது சர்வ சாதாரணம். பிட்வீன்னெஸைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், இல்லாத இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்:

```python
import networkx as nx
G = nx.Graph([(1,2),(1,3),(1,4),(2,3),(2,4),(3,4),
              (4,5),(5,6),
              (6,7),(6,8),(6,9),(7,8),(7,9),(8,9)])
for u, v in nx.non_edges(G):
    H = G.copy()
    H.add_edge(u, v)
    b = nx.betweenness_centrality(H, normalized=False)
    print(u, v, b[5])
```

இரு குழுக்களையும் நேரடியாக இணைக்கும் வரிகளில் 5-இன் எண் தடாலென விழுந்தால், அவருடைய முதலிடம் நிலையானதல்ல. முப்பது பேருக்கு மேற்பட்ட வலையில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. மாற்றுப் பாதைகள் நிறைய இருந்தால் ஆட்டம் குறையலாம்.

டிகிரியை எடுத்தாலும் ஒரு கவனம் வேண்டும். புதிய இணைப்புக்குப் பிறகு நால்வர் சமநிலையில் இருக்கிறார்கள். 3, 4 இருவரை எடுத்தால் இருவருக்கும் 1, 2 பொது நண்பர்கள். 6, 8, 9-க்கு நேரடியாகச் செய்தி போகாது. 4, 6 இருவரிடம் சொன்னால் மீதி ஏழு பேரும் ஒரே அடி தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் சொன்னேன்.