டர்பனில் 650 ரேண்டுக்கு வாங்கிய ‘மலை வாட்ச்’: ஏமாந்த கதை

நான் பைன்டவுனில் கட்டட வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் டிராக்கன்ஸ்பர்க் மலை. இரண்டுக்கும் ஒரே வாட்ச் போதும் என்று டர்பன் கடைத்தெருவில் ஒரு கடையில் 650 ரேண்ட் கொடுத்து ரெசின் கேஸ் டிஜிட்டல் வாட்ச் வாங்கினேன். விளிம்பில் SHOCK RESIST, ஒரு பட்டன் பக்கத்தில் உயரம் காட்டும் என்ற பொருளில் ALTI என்று பெரிதாக அச்சு. ALTI அமுக்கினால் ஸ்டாப்வாட்ச்தான் ஓடியது. கேட்டதற்கு, “மலைக்குப் போனா தானா வேலை செய்யும் அண்ணே” என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன், என்ன சொல்ல.

முதல் அடி சைட்டிலேயே விழுந்தது. காலை ஏழரைக்குப் பிரேக்கர் பிடித்து ஸ்லாப் உடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணி 12:03. கண்ணாடியில் கீறல் இல்லை, கேஸும் அப்படியே இருந்தது. ஆனால் நேரம், தேதி, அலாரம் எல்லாம் அழிந்துவிட்டன. மூடியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வட்ட பேட்டரியை ஒரு மெல்லிய தகடு பிடித்திருந்தது, சுற்றி ஒரு துண்டு ரப்பர்கூட இல்லை. அதிர்வில் தகடு ஒரு நொடி விலகினாலும் போதும், வாட்ச் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். 1983ல் வந்த கேசியோவின் அதிர்ச்சி தாங்கும் வாட்சான முதல் ஜி-ஷாக்கை வடிவமைத்த கிகுவோ இபே, துள்ளும் பந்தைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி மிதக்கவிட்டார். ரெசின் கேஸ் வெறும் தோல். அதிர்ச்சி தாங்குவது உள்ளே இருக்கும் அந்த இடைவெளியும் மெத்தையும்தான்.

அப்புறம் டிராக்கன்ஸ்பர்க்கில் சென்டினல் மலைப்பாதை. கார் நிறுத்துமிடமே சுமார் 2,500 மீட்டர் உயரம், சங்கிலி ஏணி ஏறினால் 3,000 பக்கம். அங்கேயும் ALTI அமுக்கினேன். அதே ஸ்டாப்வாட்ச்! உயரம் காட்ட காற்றழுத்த சென்சார் வேண்டும், அச்சடித்த எழுத்து போதாது. கடற்கரை மட்டத்தில் நூறு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 12 ஹெக்டோபாஸ்கல் குறையும். சென்சார் அளப்பது அந்தக் குறைவைத்தான். அதனால் கடையிலேயே சோதிக்கலாம். லிஃப்டில் பத்து மாடி ஏறிப் பாருங்கள், உண்மையான சென்சார் என்றால் முப்பது மீட்டர் போலக் கூடும். நல்ல வாட்சிலும், வானிலை மாறினால் உயரம் தப்பாகும். எனவே நடை தொடங்கும் இடத்தில் தெரிந்த உயரத்தை அதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு எடுப்பவர்கள் வாட்சை மேசையில் குப்புற வையுங்கள். விளிம்புதான் மேசையில் பட வேண்டும், கண்ணாடி படக்கூடாது. பிறகு உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள், நொடி குதித்தால் வேண்டாம். திசைகாட்டி இருக்கிறது என்று சைட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், கம்பிக்கட்டுப் பக்கத்தில் அது பிசகும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். இங்கே நுகர்வோர் சட்டப்படி பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம், பணமும் கேட்கலாம். சட்டத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிலிப்பைக் கேட்டார். அதில் ‘சாமான் 1, 650’ என்று மட்டும் இருந்தது. “இது அந்த வாட்ச்தான்னு எங்கே இருக்கு?” என்றார். மாடல் பெயரும் ‘உயரம் காட்டும்’ என்ற சொல்லும் எழுதித் தராத கடையில் நீங்கள் காசை எடுக்காதீர்கள்.