தோசைக்கல், கல்யாண அண்டா, வீட்டு அடுப்பு: கால்கள் சொன்ன பதில்

சமையலையே பிழைப்பாகக் கொண்டவருக்கு எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. ஹோட்டல் அடுப்படி, கல்யாணச் சமையல், வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுப்பது. மதுரையில் ஒரு ஹோட்டலில் ஒன்பது ஆண்டுகள் தோசை மாஸ்டராக இருந்துவிட்டுக் கல்யாணச் சமையலுக்கு வந்தவன் நான். வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, திரும்பிப் போக மாட்டேன். ஹோட்டலில் மாதச் சம்பளம் உறுதி, இங்கே ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் அநேகமாக நின்றுவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை மாற்றியது பணம் அல்ல, கால்கள்.

ஹோட்டலில் காலை ஆறு முதல் பதினொன்று வரை, மாலை நான்கு முதல் இரவு பதினொன்று வரை கல்லின் முன் நிற்பேன். இரண்டடிகூட நகர வேண்டியதில்லை. கேடு அங்கேதான் இருந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் குறைந்து இரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் நாளங்களில் உள்ள வால்வுகள் தளர்ந்து, வெரிகோஸ் வெயின் வருகிறது. முதல் அறிகுறி, இரவில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலுக்கு மேல் ஆழமாகப் பதிந்திருக்கும் தடம். காலையில் வீக்கம் வடிந்துவிடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. பிறகு முழங்காலுக்குப் பின்னால் நாளங்கள் புடைத்தன. ஏழாம் ஆண்டில் உள்கணுக்காலில் அரிப்பெடுத்துத் தோல் கறுத்தது. அந்த இடம் புண்ணானால் ஆற மாதக்கணக்கில் ஆகும் என்றார் மருத்துவர். இறுக்கமான நீள் காலுறையைப் படுக்கையைவிட்டு எழும் முன்பே போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அதுவரை நான் கால் வீங்கிய பிறகு, மாலை வேலைக்குப் போகும்போது போட்டுக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் மூன்று நாள் வேறு வேலை தரும்படி கேட்டேன். மற்றவர்கள் ஊற்றினால் தோசை ஒரே சீராக வரவில்லை என்று முதலாளி மறுத்துவிட்டார். கை தேறத் தேற, கல்லைவிட்டு நகர விடமாட்டார்கள். பரோட்டா மாஸ்டர்களுக்கும் இதே கதிதான், அவர்களுக்குத் தோள்பட்டையும் மணிக்கட்டும் கூடுதலாகப் போகும்.

கல்யாணச் சமையலில் நிற்க நேரம் கிடைப்பதில்லை. சரக்கறை, காய் நறுக்கும் இடம், அடுப்பு, பந்தி என்று நடந்துகொண்டே இருப்போம். கால் பிழைத்தது, ஆனால் பாரம் இடுப்புக்கு மாறியது. நானூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு, கிலோவுக்கு எட்டுப் பேர் கணக்கில் ஐம்பது கிலோ அரிசி வேண்டும். தொடக்கத்தில் இருபத்தைந்து கிலோவாக இரண்டு அண்டாக்களில் போட்டோம். வெந்த பிறகு சோறு மட்டுமே அறுபது கிலோவைத் தாண்டும், கஞ்சியும் சேர்ந்த அந்தப் பாரத்தை இருவர் குனிந்து தூக்கிச் சாய்த்து வடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு முகூர்த்தத்தன்று அப்படித் தூக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுத்திருந்தேன்.

அதன்பின் பத்துக் கிலோவாக ஐந்து ஈடுகள் போடுகிறோம். பந்தி ஒரே நேரத்தில் நடப்பதில்லை, ஆகவே ஐம்பது கிலோவும் ஒன்றாக வெந்து கிடக்கத் தேவையில்லை. கடைசிப் பந்திக்கும் சூடான சோறு போகிறது. பாத்திரத்தைச் சாய்க்காமல், அரிகரண்டியால் சோற்றை அள்ளிக் கூடையில் போட்டு வடிக்கிறோம். தரையில் இருந்த அடுப்புகளை இடுப்பளவு இரும்புத் தாங்கிகளில் ஏற்றினோம். இதனால் எரிவாயு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது, ஓர் ஆளும் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலியை மனமாரக் கொடுக்கிறேன்.

இதிலும் தீராத ஒன்று உண்டு, தூக்கம். காலை ஏழு மணிக்கு இலை போட வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம் விழுந்தால் மூன்றாம் நாள் கை தடுமாறும். என் கையில் இருக்கும் எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகளில் பெரியவை அப்படிப்பட்ட விடியற்காலைகளில் பட்டவை. வருமானமற்ற ஆடி மாதத்தில்தான் உடம்பு தேறுகிறது.

வீட்டுச் சமையலை நான் ஐந்து மாதம்தான் செய்தேன், இடுப்பு வலிக்குப் பிந்தைய காலத்தில். அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளுக்கு முப்பது சாப்பாடு, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய அப்போது ஆண்டுக்கு நூறு ரூபாய். கனமான பாத்திரம் இல்லை, இரவில் தூங்கலாம். ஆனால் நறுக்க, கிளற, கட்ட, கழுவ நான் ஒருவனே. மேடை தாழ்வாக இருந்ததால் நாள் முழுவதும் கழுத்து குனிந்தே இருந்தது. ஒரு நாள் காய்ச்சல் வந்தால் முப்பது பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். என் அக்கா இதே தொழிலை எட்டு ஆண்டுகளாக நன்றாக நடத்துகிறாள், மேடையைத் தன் உயரத்துக்கு ஏற்றபடி கட்டிக்கொண்டு, கழுவ ஒரு பெண்ணையும் அமர்த்தியிருக்கிறாள். கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கு அவள் வழிதான் சரி.

என் கணுக்காலின் கறுப்பு மறையவில்லை. காலுறைத் தடம் இப்போது முகூர்த்த நாட்களில் மட்டும் விழுகிறது.