கரண்ட் இல்லாத தோப்பில் சோலார் கேமரா, கேட் லைட்: கணக்கை ஐப்பசியில் போடுங்கள்

சித்திரை வெயிலில் எந்த சோலார் கேமராவும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பிடிக்கும்போதுதான் செட் தாங்குமா என்பது தெரியும். கடைகளில் பெரும்பாலும் நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்துக் கணக்குச் சொல்வார்கள். மழை மூட்டத்தில் ஒன்றரை மணி நேர வெயிலுக்கு ஈடாகக் கிடைத்தாலே நல்லது. அதை வைத்துத்தான் பேனல் வாங்க வேண்டும்.

முதலில் செலவு. எப்போதும் பதிவு செய்யும் 4ஜி கேமரா பகலில் சுமார் 4 வாட், இரவில் இன்ஃப்ராரெட் எரியும்போது 7 வாட் எடுக்கும் என்று வைத்தால் நாளுக்கு 132 வாட் மணி. சிக்னல் பலவீனமான இடத்தில் இது இன்னும் கூடும். வயரில் ஒரு டிசி வாட் மீட்டரை ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிடுவது உத்தமம். 9 வாட் கேட் லைட்டை இரவு முழுக்க எரித்தால் 108 வாட் மணி போய்விடும். ஆள் வந்தால் மட்டும் முழு வெளிச்சம், மற்ற நேரம் 2 வாட் என்று சென்சார் வைத்தால் 33 வாட் மணிக்குள் முடியும். மொத்தம் 165, வயர், கன்ட்ரோலர் இழப்பையும் சேர்த்தால் 190.

மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் ஓட 570 வாட் மணி இருப்பு வேண்டும். 12.8 வோல்ட், 60 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் 614 கிடைக்கும். லெட் ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம், ஆகவே 100 ஆம்பியர் மணி. பேனலில் இழப்பு போக 70 சதவீதம் வரும் என்றால், ஒன்றரை மணி வெயிலில் 190 எடுக்க 181 வாட் தேவை. 200 வாட் பேனலும் 20 ஆம்பியர் கன்ட்ரோலரும் போடுங்கள். பேனல் தெற்கு நோக்கி, 15 டிகிரி சாய்வில், தென்னை மட்டை நிழல் விழாத இடத்தில் நிற்க வேண்டும். ஒரு மட்டையின் நிழல் சில செல்களை மறைத்தாலே வரவு பெருமளவு குறையும்.

இத்தனையும் சரியாக இருந்தும் இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எழுந்தால் வயரைப் பாருங்கள். பேட்டரி பெட்டியிலிருந்து கேட் 25 மீட்டர் என்றால் போக வர 50 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கேமராவும் லைட்டும் சேர்ந்து 1.3 ஆம்பியர் இழுக்கும்போது முக்கால் வோல்ட்டுக்கு மேல் விழும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்தான் விழும். பகலில் நேர்மாறான தொல்லை: சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை அப்படியே கேமராவுக்குப் போகும். 12 வோல்ட் அடாப்டருக்கென்று செய்த கேமரா பல இதைத் தாங்காது. கேமரா பக்கத்தில் ஏற்றியும் இறக்கியும் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு தொல்லையும் தீரும்.