திருக்கோணமலையில பூனை தூக்கப் பழகின கதை

நாலு வருசத்துக்குப் பிறகு லண்டனில இருந்து ஊருக்குப் போனனான், கோணேசர் கோயில், நிலாவெளிக் கடல் எண்டு பிளான் எல்லாம் பெரிசாத்தான் போட்டது, ஆனா ரெண்டாம் நாளே அம்மாட பூனை கறுப்பனோட ஆஸ்பத்திரியும் மிருக வைத்தியரும் எண்டு அலைஞ்சதுதான் மிச்சம்.

கறுப்பன் அஞ்சு கிலோ வரும், கடுவன். எங்கயோ சண்டை பிடிச்சு கன்னம் வீங்கிப் போய்க் கிடந்தான். ஓட்டோக்காரர் வாசல்ல வந்து நிக்கிறார், நான் அவசரத்தில சின்னப்பிள்ளைய தூக்கிற மாதிரி முன்னங்காலுக்குக் கீழ ரெண்டு கையையும் குடுத்து அப்பிடியே தூக்கினன். உடம்பு முழுக்க நீட்டுக்குத் தொங்குது. அந்த நேரம் பாத்து ஓட்டோ ஹோர்ன் அடிச்சிச்சு, அவ்வளவுதான், பின்னங்கால் ரெண்டாலயும் என்ட கையில உழுது போட்டு மணிக்கட்டுல ஒரு கடியும் வைச்சிட்டு மதிலால பாய்ஞ்சிட்டான்.

கீறல் பெரிசாத் தெரிஞ்சது, கடி ரெண்டு சின்ன ஓட்டைதான். ஆனா பயப்பட வேண்டியது அந்த ஓட்டைக்குத்தானாம். பூனைப்பல் ஊசி மாதிரி, கிருமிய ஆழத்தில விட்டிட்டு வெளித்தோல் கெதியா மூடிடும். அம்மா பைப்பத் திறந்து விட்டு சவுக்காரம் போட்டுப் பதினைஞ்சு நிமிசம் கையக் கழுவ வைச்சவ, அது சரியான வேலை எண்டு பிறகு ஆஸ்பத்திரியிலயும் சொன்னவை. அங்க லைன் ஒண்டரை மணித்தியாலம், இருக்கக் கதிரை இல்லை, ஆனா காசு ஒரு சதமும் எடுக்கேல்ல. டொக்டர் முதல்ல கேட்டது பூனைக்கு விசர் ஊசி போட்ட கார்ட் இருக்கோ, பூனைய வீட்டில வைச்சுப் பாக்கலாமோ எண்டுதான். நல்ல காலம் அம்மா ரெண்டு வருசக் கார்ட்டும் வைச்சிருந்தவ. எனக்கு ஏற்பு ஊசியும் அன்ரிபயோட்டிக்கும் தந்து, பூனைட போக்கு மாறினாலோ காணாமப் போனாலோ உடன வாங்கோ எண்டு விட்டவை. கார்ட் இல்லாட்டி கதை வேற.

பின்னேரம் கறுப்பன் தானா வந்தான், அம்மா மீன் துண்டக் காட்டி ஒரு பெட்டிக்குள்ள ஏத்தினவ. மிருக வைத்தியர் ஒரு இளம் பிள்ளை. என்ட கைய ஒருக்காப் பாத்திட்டு, "அண்ணா, அதுட பின்னங்காலுக்குக் கீழ ஒண்டுமே இல்லாம தூக்கியிருக்கிறீங்கள் என்ன?" எண்டு கேட்டா. எப்பிடித் தெரியும் எண்டு கேக்க, கீறல் எல்லாம் நீட்டுக்கு, சோடி சோடியா இருக்காம், அது பின்னங்கால் உதையாம். பூனை கோவத்தில மட்டும் உதைக்கிறதில்லை, கால் ஊண்ட இடம் தேடித்தான் முதல்ல உதைக்குது, கிடைக்கிறது எங்கட கைதான்.

பிறகு செஞ்சு காட்டினா. முன்னால போய்க் குனிஞ்சு நிண்டு மறைக்காம பக்கவாட்டில போய், விரல மணக்க விட்டா. ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, முன்னங்காலுக்குச் சரியாப் பின்னால, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழ உள்ளங்கைய விரிச்சு. ரெண்டு கையும் ஒரே நேரத்தில எழும்ப வேணும், முன்பக்கம் முந்தினாத் தொங்கல்தான். உடன தன்ட நெஞ்சோட சேத்து அணைச்சா, பின்னங்கால் அவட முழங்கைக்குக் கிட்ட ஊண்டியிருக்கு, வீங்கின கன்னம் வெளிப்பக்கம். இறுக்கிப் பிடிக்கேல்ல. கறுப்பன் அவட கையில சும்மா இருக்கிறான், எனக்கு வெக்கமாப் போச்சு!

கழுத்துத் தோலில பிடிச்சுத் தூக்கலாமே, தாய்ப்பூனை அப்பிடித்தானே தூக்கும் எண்டு கேட்டன். அது குட்டிக்காம். வளந்த பூனைட அஞ்சு கிலோவும் அந்தத் தோலிலதான் தொங்கும், நோகும், அசையாம இருக்கிறது பயத்திலயாம்.

என்னையும் தூக்க வைச்சா. அரை நிமிசம் போக வால் நுனி அடிக்கத் தொடங்கிச்சு, காது பக்கவாட்டில படிஞ்சிச்சு, முதுகுத் தோல் ஒருக்காத் துடிச்சிச்சு. "இப்ப விடுங்கோ, இனிப் பிடிச்சா அடுத்தது கடி" எண்டா. விடுறதும் கைய விரிச்சுப் போடுறதில்லை, குனிஞ்சு நாலு காலும் நிலத்தில படுமட்டும் பிடிச்சிருக்க வேணும். பூனை உண்மையாவே வெருண்டு நிண்டா இந்த முறையும் சரிவராது, துவாய மேல போட்டுச் சுத்தி, கால் எல்லாம் உள்ளுக்கு இருக்கத் தூக்கிறதுதான் வழி.

கன்னத்துச் சீழ எடுத்து மருந்து தந்து அனுப்பினா. அம்மாக்கு முழங்கால் ஏலாது, குனிஞ்சு தூக்கவே வேணாம், விறாந்தையில இருந்து கொண்டு மடிக்கு வர விடுங்கோ எண்டு அவவுக்குத் தனியாச் சொன்னவ. அம்மா வெளியில வந்து சொல்லுறா, "நான் எப்ப மகன் அவனத் தூக்கினனான், அவன்தானே வந்து ஏறுறவன்."